முகம் பார்த்துத் தண்டனை குறைகிறதா? புதிதாக மதிப்பெண் போடுபவர்களுக்கும் தீர்ப்பு எழுதுபவர்களுக்கும் ஒரு வழிகாட்டி

1975இல் சிகால், ஆஸ்ட்ரோவ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் 120 கல்லூரி மாணவர்களிடம் ஒரு குற்றக் குறிப்பைக் கொடுத்தார்கள். ஒரு பெண், தன்னிடமிருந்த சாவியால் பக்கத்து வீட்டைத் திறந்து, சுமார் 2,200 டாலர் பெறுமான பணத்தையும் பொருளையும் எடுத்துப் போய்விட்டாள். அவளுக்கு எத்தனை ஆண்டு சிறை கொடுப்பீர்கள் என்பது கேள்வி. சிலருடைய தாளில் அழகான பெண்ணின் படம் இருந்தது. சிலருடையதில் அழகில்லாத பெண்ணின் படம். சிலருக்குப் படமே இல்லை. குற்றக் குறிப்பு எல்லோருக்கும் ஒன்றுதான்.

படம் இல்லாதவர்கள் சராசரியாக 5.1 ஆண்டு கொடுத்தார்கள். அழகில்லாத படம் பார்த்தவர்கள் 5.2 ஆண்டு. அழகான படம் பார்த்தவர்கள் 2.8 ஆண்டு.

இதில் கவனிக்க வேண்டியது, அழகில்லாதவளுக்கு யாரும் கூடுதலாகத் தண்டனை தரவில்லை என்பது. படமே பார்க்காதவர்கள் கொடுத்ததைத்தான் அவளுக்கும் கொடுத்தார்கள். அழகானவளுக்குத்தான் தள்ளுபடி கிடைத்தது. ஆகவே, 'நான் யாரையும் வெறுப்பதில்லை, அதனால் என்னிடம் பாரபட்சம் இல்லை' என்று மனசாட்சியைத் தொட்டுச் சொல்லும் ஆசிரியரும் நீதிபதியும்கூட இந்தப் பிழையைத் தாராளமாகச் செய்துகொண்டிருக்கலாம். வெறுப்பைத் தேடினால் இது அகப்படாது. யாருக்கு இரக்கம் காட்டினோம், எதற்காகக் காட்டினோம் என்றுதான் தேட வேண்டும்.

அதே ஆய்வில் இன்னொரு குற்றமும் இருந்தது. இதில் அந்தப் பெண் ஒரு நடுத்தர வயது ஆணிடம் நெருங்கிப் பழகி, இல்லாத ஒரு கம்பெனியில் அதே 2,200 டாலரை முதலீடு செய்ய வைக்கிறாள். இங்கே அழகானவளுக்கு 5.45 ஆண்டும் மற்றவளுக்கு 4.35 ஆண்டும் கிடைத்தன. இந்த இரண்டாவது வித்தியாசம் முதலாவதைப் போல அடித்துச் சொல்லக்கூடியது இல்லை. ஆனாலும் சலுகை காணாமல் போய்விட்டது என்பது தெளிவு. அழகே குற்றத்துக்குக் கருவியாக இருந்தது என்று தோன்றும் இடத்தில் அதே முகம் எதிராகத் திரும்பவும் கூடும்.

முகம் எதை மாற்றுகிறது?

படிகளுக்குப் போகும் முன் இதைப் புரிந்துகொண்டால்தான் பின்னால் சொல்வது உதவும். அழகான முகத்தைப் பார்த்ததும் 'இவன் திருடவில்லை' என்று யாரும் நினைத்துவிடுவதில்லை. திருடினான் என்பதை ஒப்புக்கொள்கிறார்கள். அந்தத் திருட்டுக்கு என்ன பொருள் என்பதுதான் மாறுகிறது.

கேரன் டயன் 1972இல் செய்த ஆய்வு இதை நன்றாகக் காட்டுகிறது. ஒரு சிறு பிள்ளை செய்த குறும்பு, கொடுமை பற்றிய குறிப்பையும் அந்தப் பிள்ளையின் படத்தையும் இளம் பெண்களிடம் கொடுத்து, இந்தப் பிள்ளை எப்படிப்பட்டது என்று கேட்டார். பிள்ளை அழகாக இருந்தால், பாவம், அன்றைக்கு ஏதோ மனது சரியில்லை, யாருக்கும் வருவதுதானே என்கிற பாணியில் பதில் வந்தது. அழகில்லாத பிள்ளை அதே கடுமையான தவறைச் செய்திருந்தால், இது மறுபடியும் செய்யும், குணமே இப்படித்தான் என்று போயிற்று. ஒரு நாள் தவறா, பிறவிக் குணமா என்ற இந்த ஒரு முடிவு போதும். மற்றதெல்லாம் தானாகப் பின்னால் வரும். ஒரு நாள் தவறுக்கு எச்சரிக்கை, குணத்துக்கு இடைநீக்கம்.

பள்ளியில் மதிப்பெண்ணுக்கும் இதே கதைதான். கிளிஃபோர்டும் வால்ஸ்டரும் 1973இல் மிசௌரி மாநிலத்தில் சுமார் 400 ஐந்தாம் வகுப்பு ஆசிரியர்களுக்கு ஒரே ரிப்போர்ட் கார்டை அனுப்பினார்கள். அதில் ஒட்டிய படம் மட்டும் வேறு. அழகான பிள்ளைக்கு அறிவு அதிகம், இது மேலே படிக்கும், பெற்றோரும் படிப்பில் அக்கறை உள்ளவர்கள் என்று ஆசிரியர்கள் எழுதினார்கள். பெற்றோரின் அக்கறைகூட முகத்தில் தெரிந்திருக்கிறது அவர்களுக்கு!

அடுத்த ஆண்டு லாண்டியும் சிகாலும் ஒரு கட்டுரையைப் படிக்கக் கொடுத்து, எழுதியவர் என்று ஒரு பெண்ணின் படத்தையும் சேர்த்தார்கள். கட்டுரை நன்றாக இருந்தபோது படத்தால் வந்த வித்தியாசம் குறைவு. கட்டுரை மோசமாக இருந்தபோதுதான் அழகான முகம் கட்டுரையைத் தூக்கி நிறுத்தியது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நூற்றுக்கு 95 வாங்கும் பிள்ளையிடம் இந்தப் பிழை பெரிதாக வராது. பாஸா ஃபெயிலா என்று இழுபறியாக நிற்கும் தாளில்தான் வரும்.

முதல் படி: முகம் எந்த வாசலில் நுழைகிறது என்று பாருங்கள்

தமிழ்நாட்டு அரசுப் பொதுத்தேர்வை எடுத்துக்கொள்ளுங்கள். விடைத்தாளின் முகப்புத் தாளில் மாணவரின் படமும் பெயரும் இருக்கும். திருத்தும் மையத்துக்கு வரும்போது அந்தப் பகுதி கிழிக்கப்பட்டிருக்கும். திருத்துபவருக்குக் கையெழுத்து மட்டும்தான் தெரியும். பல பல்கலைக்கழகங்களில் டம்மி எண் போடுவதும் இதற்காகவே. இந்த வாசல் ஏற்கெனவே சாத்தியிருக்கிறது. இதற்காகக் கவலைப்பட வேண்டாம்.

திறந்திருப்பவை வேறு. அகமதிப்பீட்டு மதிப்பெண், செய்முறைத் தேர்வில் கேட்கும் வாய்மொழிக் கேள்விகள், செமினார், புராஜெக்ட், 'வகுப்பில் பங்கேற்பு' என்ற பெயரில் தரும் நான்கைந்து மதிப்பெண், அப்புறம் ஒழுங்கு நடவடிக்கை. எல்லாமே நேருக்கு நேர் நடப்பவை, எல்லாமே ஆசிரியரின் விருப்புரிமையில் இருப்பவை. ஒரு தாளை எடுத்து, இந்த ஆண்டு நீங்கள் போடப்போகும் மதிப்பெண்களை எல்லாம் எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, போடும்போது முகம் தெரியுமா, எத்தனை மதிப்பெண் வரை உங்கள் இஷ்டம் என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டும் சேர்ந்து வருகிற வரிகள்தான் நீங்கள் காக்க வேண்டிய இடம்.

இது ஊகம் இல்லை. ஸ்வீடனில் லுண்ட் பல்கலைக்கழகப் பொறியியல் மாணவர்களை வைத்து 2022இல் வெளிவந்த ஆய்வு ஒன்று இருக்கிறது. கணிதம் போன்ற பாடங்களில் மதிப்பெண் பெரும்பாலும் எழுத்துத் தேர்விலிருந்து வரும். அங்கே அழகுக்குப் பலன் இல்லை. குழு வேலையும் பேச்சும் கலந்த பாடங்களில்தான் அழகான மாணவர்களுக்கும் மாணவிகளுக்கும் சற்றுக் கூடுதல் மதிப்பெண். கொரோனாக் காலத்தில் வகுப்பு ஆன்லைனுக்குப் போனதும் மாணவிகளுக்கு அந்தக் கூடுதல் போய்விட்டது. ஆண்களுக்கு மட்டும் அந்தச் சலுகை போகாமல் நின்றது. தோற்றம் நன்றாக இருப்பவர்களுக்குத் தன்னம்பிக்கை போன்ற வேறு குணங்களும் வளர்ந்திருக்கலாம், அது உண்மையிலேயே வேலையில் உதவலாம் என்பது ஆய்வாளரின் விளக்கம். ஆக, அழகானவர்களுக்கு மதிப்பெண் கூடினாலே பாரபட்சம் என்று முடிவுகட்டிவிடக் கூடாது.

நீதிமன்றத்திலும் இதே கணக்கைப் போடலாம். பென்சில்வேனியாவில் 1980இல் ஜான் ஸ்டுவர்ட் எழுபதுக்கும் மேற்பட்ட உண்மையான குற்றவியல் வழக்குகளுக்குப் பார்வையாளர்களை அனுப்பி, குற்றம் சாட்டப்பட்டவர்களின் தோற்றத்துக்கு மதிப்பு போடச் சொன்னார். தோற்றம் நன்றாக இருந்தவர்களுக்குத் தண்டனை குறைவாக இருந்தது. ஆனால் குற்றவாளியா இல்லையா என்ற முடிவுக்கும் தோற்றத்துக்கும் தொடர்பு தெரியவில்லை. டெக்சஸ் நீதிபதிகளின் தீர்ப்புகளைப் பார்த்த 1991ஆம் ஆண்டு ஆய்வில், சிறு குற்றங்களில் ஜாமீன் தொகையும் அபராதமும் தோற்றத்தோடு சேர்ந்து குறைந்தன. பெரிய குற்றங்களில் அப்படி நடக்கவில்லை. சாட்சியமும் சட்டமும் இறுக்கிப் பிடிக்கிற இடத்தில் முகத்துக்கு வேலை குறைவு. நீதிபதியின் கையில் விடப்பட்ட இடத்தில் வேலை அதிகம். ஜாமீன், அபராதத் தொகை, தண்டனைக் காலம், நன்னடத்தையில் விடுவிப்பது ஆகியவைதான் நீதிபதியின் திறந்த வாசல்கள்.

இரண்டாம் படி: மறைக்க முடிந்ததை மறையுங்கள்

இருப்பதிலேயே உறுதியான வழி இதுதான். செலவும் அதிகம் இல்லை.

வகுப்புத் தேர்வுத் தாளில் பெயரைப் பின்பக்கம் எழுதச் சொல்லுங்கள். முன்பக்கம் வரிசை எண்கூட வேண்டாம். ஒரு மாதத்தில் எல்லா எண்ணும் உங்களுக்கு மனப்பாடமாகிவிடும். அடுத்து, ஒரு மாணவரின் தாளை முழுதாகத் திருத்திவிட்டு அடுத்த தாளுக்குப் போகாதீர்கள். எல்லாருடைய முதல் கேள்வியையும் திருத்திவிட்டு, கட்டைக் கலைத்து அடுக்கி, இரண்டாம் கேள்விக்கு வாருங்கள். முதல் விடை பிரமாதமாக இருந்தால் இரண்டாவது விடையின் ஓட்டையை நாமே அடைத்துக்கொண்டு படிப்போம். தன் மாணவர்களின் தாளைத் திருத்தும்போது இதைக் கவனித்து, முறையை மாற்றிக்கொண்டவர்களில் உளவியலாளர் டேனியல் கானிமனும் ஒருவர்.

செமினார் மதிப்பெண்ணையும் எழுத்து மதிப்பெண்ணையும் ஒரே வாரத்தில், ஒரே ஆள் போடுவது நல்லதில்லை. ஜான் மாலூஃபும் அவருடைய குழுவும் ஆசிரியர்களுக்கு ஒரு மாணவர் மேடையில் பேசுவதை முதலில் காட்டினார்கள். சிலருக்கு நல்ல பேச்சு, சிலருக்குச் சொதப்பல் பேச்சு. பிறகு அதே மாணவர் எழுதியது என்று சம்பந்தமே இல்லாத ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். நல்ல பேச்சைப் பார்த்தவர்கள் கட்டுரைக்கும் கூடுதலாகப் போட்டார்கள். ஆகவே எழுத்தை முதலில் திருத்தி, மதிப்பெண்ணை மூடி வைத்துவிட்டுப் பேச்சைக் கேளுங்கள். இரண்டு பிரிவு இருந்தால் பக்கத்து ஆசிரியரோடு ரெக்கார்டு நோட்டுகளை மாற்றிக்கொள்ளுங்கள். உங்கள் பிள்ளைகளின் முகம் அவருக்குத் தெரியாது.

நீதிமன்றத்தில் மறைப்பதற்கு இடம் கொஞ்சம்தான். விசாரணை திறந்த மன்றத்தில் நடக்க வேண்டும், எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், அங்கே நிற்க வேண்டும், சாட்சியின் நடத்தை பற்றி நீதிபதி குறிப்பு எழுதவும் சட்டம் இடம் தருகிறது. திரை போட முடியாது. காணொளி விசாரணையும் இதில் உதவாது. முகம் இன்னும் பெரிதாகத் தெரியும். அதனால் நீதிபதிக்கு அடுத்த படிதான் முக்கியம்.

மூன்றாம் படி: முகத்தைப் பார்ப்பதற்கு முன் எழுதுங்கள்

முதலில் பள்ளியிலிருந்து ஓர் உதாரணம். அரையாண்டுத் தேர்வில் பதினோராம் வகுப்பு மாணவர்கள் இருவர் காப்பியடித்துப் பிடிபட்டார்கள் என்று வைத்துக்கொள்வோம். ஒருவன் பெயர் கவின், பார்க்க லட்சணமாக, சட்டை இஸ்திரி போட்டு வருபவன். இன்னொருவன் செல்வம், முகத்தில் பரு, தலை கலைந்திருக்கும், யார் கேட்டாலும் தரையைப் பார்த்துத்தான் பதில் சொல்வான். வழக்கமாக என்ன நடக்கும்? இருவரையும் ஹெச்.எம். அறைக்குக் கூப்பிடுவார்கள். கவின் நிமிர்ந்து பார்த்து, லேசாகச் சிரித்து, 'தப்புதான் சார், இனிமேல் பண்ண மாட்டேன் சார்' என்பான். செல்வம் ஒன்றும் சொல்லாமல் நிற்பான். 'பாருங்க, திமிரை!' என்று அறையிலிருக்கும் யாராவது சொல்வார். முடிவு அப்போதே ஆகிவிட்டது.

இந்தச் சிரிப்பையும் ஆராய்ந்திருக்கிறார்கள். மரியான் லாஃப்ரான்ஸும் மார்வின் ஹெக்டும் 1995இல், தேர்வில் முறைகேடு செய்ததாகச் சொல்லப்பட்ட ஒரு மாணவியின் கோப்பைக் கொடுத்தார்கள். படத்தில் சிரிக்கிறாள் அல்லது சிரிக்கவில்லை. சிரித்த முகத்துக்குத் தண்டனை குறைந்தது. குற்றம் செய்திருக்க மாட்டாள் என்று யாரும் நினைக்கவில்லை. நம்பத் தகுந்தவளாகத் தெரிந்தாள், அவ்வளவுதான். உள்ளபடியே மகிழ்ந்த சிரிப்பா, ஒட்டவைத்த சிரிப்பா என்பதிலும் பெரிய பேதம் இல்லை.

சரி, இதை எப்படித் தடுப்பது? பையன்களைக் கூப்பிடும் முன், தேர்வறைக் கண்காணிப்பாளரின் அறிக்கையையும் பறிமுதல் செய்ததையும் மேசையில் வைத்து நான்கு கேள்விக்குப் பதில் எழுதுங்கள். என்ன கிடைத்தது? அதிலிருந்து விடைத்தாளில் எவ்வளவு போயிருக்கிறது? வீட்டிலேயே தயார் செய்ததா, அந்த நேரத்து சபலமா? பதிவேட்டில் முன்பு ஏதாவது இருக்கிறதா? இப்போது பாருங்கள். கவினிடம் கிடைத்தது அடி ஸ்கேலின் பின்பக்கம் ஒட்டிய பிட், எழுத்து எறும்பு அளவு, மூன்று விடைக்கு வேண்டியது அதில் இருக்கிறது, இரண்டை இறக்கியும்விட்டான். செல்வம் முன் பெஞ்சுப் பையனின் தாளை எட்டிப் பார்த்து ஒரு மதிப்பெண் கேள்விகள் நான்கை எழுதியிருக்கிறான். இருவர் மீதும் முன் பதிவு இல்லை. தாளில் எழுதிப் பார்த்தால் கனமானது யாருடையது என்று தெரிகிறது. இந்தத் தவறுக்கு இன்ன நடவடிக்கை என்று பென்சிலால் குறித்துவிட்டு, அதற்கப்புறம் கூப்பிடுங்கள்.

கூப்பிட்டுப் பேசியபின் முடிவை மாற்றவே கூடாது என்று அர்த்தமில்லை. பையன் சொல்வதில் புதிய தகவல் இருக்கலாம்: வீட்டில் அப்பா ஆஸ்பத்திரியில் கிடக்கிறார், மூன்று நாளாகப் படிக்கவில்லை என்று. அதை விசாரித்து எழுதி, மாற்றலாம். ஆனால் மாற்றத்துக்கான காரணம் ஒரு வாக்கியமாக எழுதக்கூடியதாக இருக்க வேண்டும். 'நல்ல பையனாகத் தெரிகிறான்', 'வருத்தம் முகத்தில் தெரிந்தது' என்பதெல்லாம் காரணம் ஆகாது. கூச்சமுள்ள பிள்ளைக்கு வருத்தம் முகத்தில் வருவதே இல்லை. தரையைப் பார்ப்பது பல வீடுகளில் மரியாதை என்று சொல்லிக்கொடுத்த பழக்கம்.

இப்போது நீதிமன்றம். புதிதாகப் பொறுப்பேற்ற ஒரு நடுவரின் முன் திருட்டு வழக்கு. எதிரிக்கு வயது 23. பேருந்து நிலையத்தின் திறந்தவெளியில் ஒருவர் பக்கத்தில் வைத்திருந்த 24,000 ரூபாய் கைபேசியை எடுத்துவிட்டான். அங்கிருந்த கேமராவில் பதிவாகியிருக்கிறது, பொருளும் அவனிடமிருந்து கைப்பற்றப்பட்டது. குற்றம் உறுதியாகிவிட்டது. பாரதிய நியாய சன்ஹிதாவின் 303(2) பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ அபராதமோ இரண்டுமோ தரலாம். பொருளின் மதிப்பு 5,000 ரூபாய்க்குக் கீழே இருந்து, முதல் தவறாகவும் இருந்து, பொருளைத் திருப்பியும் கொடுத்திருந்தால் சமூக சேவையோடு விட வேண்டும். இந்த வழக்கு அதில் வராது. 1958ஆம் ஆண்டு நன்னடத்தைச் சட்டத்தின்படி தண்டனை கொடுக்காமல் பிணையில் விடவும் வழி இருக்கிறது. ஆக, வெளியே அனுப்புவதிலிருந்து மூன்றாண்டு சிறை வரை எல்லாமே சட்டப்படி சரி. இவ்வளவு அகலமான வாசல் இது.

இங்கிலாந்தில் தண்டனை வழிகாட்டு நெறிகள் இருக்கின்றன. குற்றத்தில் எவ்வளவு பொறுப்பு, எவ்வளவு சேதம் என்று முதலில் வகை பிரித்து, அந்த வகைக்கு ஒரு தொடக்கப் புள்ளியை எடுத்து, பிறகுதான் கூட்டவோ குறைக்கவோ வேண்டும். இந்தியாவில் அப்படியொரு அட்டவணை இல்லை. 2012இல் சோமன் எதிர் கேரள அரசு வழக்கில் உச்ச நீதிமன்றமே இதைக் குறையாகச் சொன்னது. அட்டவணை இல்லாவிட்டாலும் வரிசையைக் கடன் வாங்கிக்கொள்ளலாம். குற்றம் உறுதியான பிறகு தண்டனை குறித்துத் தனியாகக் கேட்க வேண்டும் என்று நம் சட்டம் சொல்கிறது. அந்தக் கேள்வியைக் கேட்கும் முன்பே, கோப்பை மட்டும் வைத்துக்கொண்டு சேம்பரில் எழுதிவிடுங்கள்: திட்டமிட்டதா, வன்முறை உண்டா, பொருள் திரும்பியதா, முன் தண்டனை உண்டா. இதே பதில்கள் கொண்ட வழக்குகளில் கடைசியாக என்ன கொடுத்தீர்கள் என்று உங்கள் நோட்டைப் பாருங்கள். பிறகு ஒரு எல்லையைக் குறியுங்கள். நம் உதாரணத்தில் 'நன்னடத்தைப் பிணை முதல் மூன்று மாதம் வரை' என்று குறித்ததாக வைத்துக்கொள்வோம்.

அப்புறம் கூண்டைப் பாருங்கள், அவன் சொல்வதைக் கேளுங்கள். எல்லைக்குள் எங்கே நிற்பது என்பதற்கு வரும் ஒவ்வொரு காரணத்துக்கும் கோப்பில் ஓர் ஆதாரம் தேடுங்கள். நன்னடத்தைச் சட்டத்தின் 4ஆவது பிரிவு குற்றவாளியின் 'குணத்தை' கருதச் சொல்கிறது. முகம் நுழையும் துவாரம் இந்த ஒரு சொல்தான். குணம் என்று உங்களுக்குத் தோன்றுவதை எழுதாமல், நன்னடத்தை அலுவலரிடம் அறிக்கை கேளுங்கள். வேலை, குடும்பம், அக்கம்பக்கத்தில் விசாரித்தது என்று அது பார்க்கக்கூடிய விஷயங்களைக் கொண்டுவரும். அலுவலரும் முகம் பார்ப்பவர்தான் என்பதால், அறிக்கையில் 'நல்லவராகத் தெரிகிறார்' என்ற வகை வரிகளைத் தாண்டிவிட்டு, தேதியும் செயலும் உள்ள வரிகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மனம் வருந்துகிறான் என்பதற்கும் அப்படித்தான். பொருளைத் தானே திருப்பிக் கொடுத்தானா, இழப்பீடு கட்டினானா, ஆரம்பத்திலேயே ஒப்புக்கொண்டானா என்பவை வருத்தத்தின் அடையாளம். கண்ணில் தண்ணீர் நின்றது என்பது, அழத் தெரிந்தவர்களுக்குக் கிடைக்கிற சலுகை.

கையெழுத்துப் போடும் முன் ஒரு சோதனை. தீர்ப்பின் தண்டனைப் பத்தியை எடுத்து, போன மாதம் உங்கள் முன் நின்ற, உங்களுக்குக் கொஞ்சமும் பிடிக்காத முகம் ஒன்றை நினைத்துக்கொண்டு படியுங்கள். ஒவ்வொரு வாக்கியமும் அவனுக்கும் பொருந்துகிறதா? பொருந்தாத வாக்கியம் எது, ஏன்? காரணம் கோப்பில் இருந்தால் இருக்கட்டும். இல்லையென்றால் அடித்துவிட்டுத் தண்டனையை மறுபடி யோசியுங்கள். மோசடி வழக்கில் இதைத் திருப்பிப் போடுங்கள்: பிடித்த முகம் ஒன்றை நினைத்துப் படியுங்கள். 'தன் தோற்றத்தைப் பயன்படுத்தி மயக்கினாள்' என்று எழுதியிருந்தால், சாட்சியத்தில் அது எங்கே இருக்கிறது என்று தேடுங்கள்.

எது வேலை செய்வதில்லை

'இப்படியொரு பாரபட்சம் இருக்கிறது, ஜாக்கிரதை' என்று ஒரு நாள் பயிலரங்கம் நடத்துவது. பாஸ்டியான் யேகரும் அவருடைய சகாக்களும் இதைச் சோதித்தார்கள். முகத்தை வைத்து நம்பகத்தன்மையைக் கணிக்க முடியாது என்று சிலருக்குப் பாடம் எடுத்துவிட்டு, கற்பனை வழக்குகளில் தீர்ப்பு சொல்ல வைத்தார்கள். பாடம் கேட்டவர்களின் கருத்து மாறியது. ஆனால் நம்பத்தகாததாகத் தெரிந்த முகத்துக்குக் கடுமை காட்டுவது குறையவில்லை. இந்தக் கட்டுரையைப் படித்து முடித்தாலும் அதே கதிதான். மேலே சொன்ன தாளையும் பென்சிலையும் எடுக்காவிட்டால், படித்ததால் மட்டும் பயனில்லை.

உங்களையே கேட்டுப் பார்ப்பதும் உதவாது. நிஸ்பெட்டும் வில்சனும் 1977இல் ஒரே ஆசிரியரை அன்பாகப் பேசுபவராகவும் கடுகடுப்பவராகவும் இரண்டு வீடியோவில் காட்டினார்கள். கடுகடுப்பானவரின் தோற்றம், உச்சரிப்பு எல்லாமே எரிச்சலூட்டின என்றார்கள் மாணவர்கள். அவர் மேல் வந்த பிடிக்காமையால்தான் அவை எரிச்சலூட்டின என்பது அவர்களுக்குத் தெரியவேயில்லை, கேட்டபோது மறுத்தார்கள். உள்ளே நடப்பது நமக்கே தெரியாத விஷயம் இது.

மூன்றாவது, ஈடுகட்டுவது. 'இவன் அழகாக இருக்கிறான், அதனால் ஐந்து குறைத்துக்கொள்வோம்' என்று போனால் அதுவும் முகத்துக்குப் போட்ட மதிப்பெண்தான். எவ்வளவு குறைக்க வேண்டும் என்பதற்கு யாரிடமும் கணக்கு இல்லை.

கடைசிப் படி: பருவத்துக்கு ஒருமுறை கணக்குப் பார்ப்பது

நாற்பது பேர் வகுப்பு என்றால், முகம் தெரியாமல் திருத்திய எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணின்படி பெயர்களை வரிசைப்படுத்துங்கள். பக்கத்தில் செய்முறை, அகமதிப்பீடு ஆகியவற்றில் அவர்களுடைய இடத்தை எழுதுங்கள். எழுத்தில் 30ஆவது இடம், அகமதிப்பீட்டில் 8ஆவது இடம் என்று பெரிய தாவல் இருப்பவர்களை வட்டமிடுங்கள். எதிர்ப்பக்கம் விழுந்தவர்களையும் வட்டமிடுங்கள். ஐந்தாறு பேர் வருவார்கள்.

தாவியவர்கள் எல்லாரும் உங்கள் பாரபட்சத்தால் தாவினார்கள் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எழுத வராத, ஆனால் கையால் நன்றாகச் செய்யும் பிள்ளைகள் எல்லா வகுப்பிலும் உண்டு. நாற்பது பேரில் ஐந்து பேரை வைத்து எதையும் நிரூபிக்கவும் முடியாது. வட்டமிட்டவர்களின் ரெக்கார்டு நோட்டையும் புராஜெக்டையும் மட்டும் பெயரை மறைத்து, நடுவில் வட்டமிடாத நான்கைந்து பேருடையதையும் கலந்து, வேறு ஆசிரியரிடம் கொடுங்கள். உங்கள் மதிப்பெண்ணைச் சொல்லாதீர்கள். அவர் போட்டதும் உங்களுடையதும் ஒட்டிவந்தால், தாவல் வேலையில் இருக்கிறது. வட்டமிட்டவர்களுக்கு மட்டும் பெரிதாக விலகினால், வைவாவிலும் பங்கேற்பிலும் நீங்கள் இஷ்டப்படி வைத்திருந்த மதிப்பெண்ணைச் சின்னச் சின்னக் கேள்விகளாக உடையுங்கள். 'சுற்றைத் தானே இணைத்தார்: 2', 'அளவீட்டுப் பிழைக்குக் காரணம் சொன்னார்: 1' என்கிற மாதிரி, ஆம் இல்லை என்று குறிக்கக்கூடியதாக. முதல் பருவத்தில் போட்ட மதிப்பெண்ணை ஊகத்தில் போய்த் திருத்த வேண்டாம். இரண்டாவது ஆசிரியரின் திருத்தத்துக்குப் பள்ளியின் ஒப்புதல் வாங்கி, எல்லாருக்கும் ஒரே மாதிரி செய்வதென்றால் மட்டும் செய்யுங்கள்.

நீதிபதிக்கு இந்தக் கணக்கு இன்னும் எளிது, யாரும் செய்வதில்லை என்பதுதான் விஷயம். ஒரு நோட்டில் வழக்கு எண், பிரிவு, பொருளின் மதிப்பு, முன் தண்டனை உண்டா இல்லையா, முன்கூட்டிக் குறித்த எல்லை, கடைசியில் கொடுத்தது என்று ஆறு பத்தி. தோற்றத்தைப் பற்றி எதுவும் எழுத வேண்டாம். ஆறு மாதம் கழித்து, எல்லையைத் தாண்டிக் கீழே போன வழக்குகளை மட்டும் எடுத்து, தண்டனைப் பத்தியில் எழுதிய காரணத்தைப் படியுங்கள். 'எதிரியின் இளம் வயதையும் எதிர்காலத்தையும் கருதி' என்ற வரி சிலருக்கு மட்டும் வந்து, அதே வயதுள்ள மற்றவர்களுக்கு வராமல் இருந்தால், அந்தக் கோப்புகளை இரண்டு இரண்டாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மேல்முறையீட்டுக் காலம் முடியாத வழக்கு அதில் இருந்தாலும் நீங்களே போட்ட தண்டனையை நீங்கள் மாற்ற முடியாது, அது மேல் நீதிமன்றத்தின் வேலை. ஆனால் அடுத்த திங்கட்கிழமை வழக்குப் பட்டியலில் அதே பிரிவில் ஒன்று நிச்சயம் இருக்கும். அதற்கான எல்லையைச் சேம்பரிலேயே குறித்துக்கொண்டு போங்கள்.